குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவருக்கு அதிக உதிரப்போக்கு: மாத்திரையா, வளையமா, உள்ளே சுடுவதா?

"எனக்கு 41 வயது. இரண்டும் சிசேரியன், இரண்டாவதோடு குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனும் ஆகிவிட்டது. இரண்டு வருடமாகத்தான் இந்தத் தொல்லை. மாதவிலக்கு ஏழு நாள் போகிறது. முதல் நாள் மூன்று நாப்கின், சுமாராக நனையும். இரண்டாம், மூன்றாம் நாளில் தினம் எட்டு, எக்ஸ்எல் சைஸ், ஒவ்வொன்றும் முழுக்க நனைந்துவிடும். நான்காம் நாள் நாலு, சுமாராக நனையும், அதன் பிறகு தினம் இரண்டு, லேசான கறைதான். பத்து ரூபாய் காயின் அளவில் நாலு கட்டியாவது விழும். வலி தாங்க முடியாது. டிரானெக்சாமிக், மெஃபனாமிக் இரண்டும் சேர்ந்த மாத்திரையை ரத்தம் அதிகமானதும் காலை ஒன்று, இரவு ஒன்று போட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை. ஹீமோகுளோபின் 8.6. கர்ப்பப்பை பெருத்திருக்கிறது, அடினோமயோசிஸ் மாதிரி தெரிகிறது, ஃபைப்ராய்டு இல்லை என்று ஸ்கேனில் இருக்கிறது. ஒரு டாக்டர் மிரெனா வைக்கச் சொல்கிறார், இன்னொருவர் பலூன் வைத்து உள்ளே சுட்டுவிடலாம் என்கிறார். நாத்தனார் கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சொல்கிறார். முன்பு காப்பர் டி வைத்து ரத்தம் அதிகமானதால் பயமாக இருக்கிறது. மாதவிலக்கு நின்றுவிட்டால் அந்த ரத்தம் உள்ளேயே தங்கிவிடாதா? சுகர், பிரஷர் இல்லை."

முதலில் மாத்திரையைச் சரியான அளவில் போட்டு, கர்ப்பப்பை உள்சுவரிலிருந்து ஒரு பயாப்ஸி எடுத்துப் பார்த்துவிட்டு, அதில் ஒன்றும் இல்லையென்றால் மிரெனா போன்ற ஹார்மோன் வளையம் வைத்துக்கொள்ளுங்கள். இதுதான் உங்களுக்கு என் பரிந்துரை. உள்சுவரைச் சுடும் சிகிச்சை நல்ல சிகிச்சைதான், ஆனால் உங்களுக்குப் பொருந்தாது. உங்கள் வயது, வலி, குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் ஆகிய மூன்றும்தான் அதற்குக் காரணம்.

எவ்வளவு ரத்தம் போகிறது என்பதை முதலில் கணக்குப் போட்டுவிடுவோம். இதற்காக 1990-ல் வெளிவந்த ஒரு மதிப்பெண் அட்டையை இன்றும் பயன்படுத்துகிறார்கள். லேசாகக் கறைபட்ட நாப்கினுக்கு 1, சுமாராக நனைந்ததற்கு 5, முழுக்க நனைந்ததற்கு 20. சிறு கட்டிக்கு 1, பெரிய கட்டிக்கு 5. மொத்தம் 100-ஐத் தாண்டினால் அதிக உதிரப்போக்கு என்று பொருள். உங்களுக்கு முதல் நாள் 15, இரண்டாம் மூன்றாம் நாளின் பதினாறு நாப்கினுக்கு 320, நான்காம் நாள் 20, கடைசி மூன்று நாளுக்கும் சேர்த்து 6, கட்டிகளுக்கு 20. மொத்தம் 381. அந்த அட்டை சாதாரண அளவு நாப்கினுக்குப் போட்டது. நீங்கள் வைப்பது எக்ஸ்எல் என்பதால் உண்மையில் போகும் ரத்தம் இதைவிடக் கூடவே இருக்கும். இந்த 381-ஐ ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எந்தச் சிகிச்சை எடுத்தாலும் அது வேலை செய்கிறதா என்பதை இந்த எண்ணோடு ஒப்பிட்டுத்தான் பார்க்கப்போகிறோம்.

இனி அந்த மாத்திரை. டிரானெக்சாமிக் அமிலம் ஹார்மோன் அல்ல. ஜப்பானில் ஒகமோட்டோ தம்பதி கண்டுபிடித்து 1962-ல் வெளியிட்ட மருந்து இது. மாதவிலக்கின்போது கர்ப்பப்பையின் ரத்தக்குழாய் வாய்களில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். அந்த உறைவை நம் உடம்பே பிளாஸ்மின் என்ற நொதியால் கரைத்துவிடுகிறது. அதிகமாகப் போகும் பெண்களுக்கு இந்தக் கரைப்பு கூடுதலாக நடக்கிறது. கரைக்கும் நொதி உறைவில் போய் ஒட்டிக்கொள்ளாமல் தடுப்பதுதான் மாத்திரையின் வேலை. ரத்தத்தில் அது சில மணி நேரம்தான் தாங்கும். அதனால் நாளுக்கு மூன்று வேளை போட்டாக வேண்டும். ஒரு வேளைக்கு 1 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை இரண்டு. நீங்கள் போட்டது ஒரு நாளைக்கு மொத்தம் 1 கிராம். தேவையோ 3 கிராம். அதுவும் ரத்தம் கொட்டத் தொடங்கிய பிறகு. மாத்திரை கேட்கவில்லை என்று சொல்வதைவிட, மாத்திரைக்கு வேலை செய்ய வாய்ப்பே கிடைக்கவில்லை என்பதுதான் சரி. இப்படி ஒன்றும் ஒன்றுமாகப் போட்டுவிட்டுக் கைவிட்டவர்கள் ஏராளம்.

அடுத்த மாதம் போக்கு தொடங்கிய முதல் நாளே ஆரம்பியுங்கள். காலை, மதியம், இரவு இரண்டிரண்டாக, நான்கு நாள், அதிகம் போனால் ஐந்து நாள். போக்கு இல்லாத நாளில் போட்டுப் பயனில்லை. நீங்கள் சொல்லும் சேர்க்கை மாத்திரையில் பொதுவாக டிரானெக்சாமிக் 500, மெஃபனாமிக் 250 இருக்கும், அட்டையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டாகப் போட்டால் வலிக்கான மெஃபனாமிக்கும் சரியான அளவுக்கு வந்துவிடும். சாப்பிட்ட பிறகே போட வேண்டும். இதோடு வேறு வலி மாத்திரை எதையும் சேர்க்கக் கூடாது. வயிற்றுப் புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மெஃபனாமிக் இல்லாத தனி மாத்திரையைக் கேட்டு வாங்க வேண்டும்; சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டிரானெக்சாமிக் அளவையும் குறைக்க வேண்டும். காலிலோ நுரையீரலிலோ எப்போதாவது ரத்தக்கட்டு வந்திருந்தால், பக்கவாதமோ வலிப்போ இருந்திருந்தால் டிரானெக்சாமிக்கே வேண்டாம். ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களும் டாக்டரிடம் சொல்லாமல் இதை எடுக்கக் கூடாது. மருந்து எடுக்கும்போது ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், நிறங்கள் மாறித் தெரிந்தாலும் நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள்.

இப்படி ஒழுங்காகப் போட்டால் போக்கு ஏறக்குறைய பாதியாகும். உங்கள் கணக்கில் பாதி என்றால் 190. அப்போதும் 100-க்கு மேலேதான் நிற்கிறீர்கள். 150 மதிப்பெண் வருகிற பெண்ணுக்கு இந்த மாத்திரை மட்டுமே போதும், மாதம் நாலு நாள் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். உங்களுக்கு இது வளையம் வேலை செய்யத் தொடங்கும்வரை தாங்கிப் பிடிக்கிற மருந்து. அந்த அளவில் மிக உபயோகமானது.

நோரெதிஸ்டிரோன் என்ற ஹார்மோன் மாத்திரையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 5 மில்லிகிராம் மூன்று வேளை கொடுத்தால் கொட்டுகிற ரத்தத்தை நிறுத்தும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் மறுபடி போக்கு வரும், சில சமயம் முன்னைவிட அதிகமாக. அவசரத்துக்குச் சரி, வருடக்கணக்கில் ஓட்டுவதற்கு அல்ல. டி அண்டு சி-யும் அப்படித்தான், சுரண்டி எடுத்த உள்சுவர் அடுத்த சுற்றிலேயே வளர்ந்துவிடும்.

வளையம் வைப்பதற்கு முன்னால் பயாப்ஸி ஏன் என்றால், 40 தாண்டியவருக்கு அதிகமாகப் போகும்போது உள்சுவரில் மிகைவளர்ச்சியோ புற்றோ இல்லை என்று உறுதி செய்துகொள்வது நம் நாட்டு மகப்பேறு மருத்துவர்கள் கடைப்பிடிக்கும் வழக்கம். பென் ரீஃபில் போன்ற மெல்லிய குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுப்பார்கள். சில நிமிடம், மயக்க மருந்து வேண்டாம், மாதவிலக்கு வலி போல ஒரு பிடிப்பு வரும். கூடவே கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்கான பாப் ஸ்மியரும், ரத்தத்தில் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், தைராய்டுக்கு டிஎஸ்ஹெச்சும் பார்த்துவிடலாம். வயதுக்கு வந்த நாளிலிருந்தே அதிகமாகப் போயிருந்தால் ரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லியிருப்பேன். உங்களுக்கு இரண்டு வருடமாகத்தான் என்பதால் அதற்கு அவசரமில்லை.

வளையத்துக்கு வருவோம். மிரெனா என்பது ஒரு கம்பெனி வைத்த பெயர், அதே மருந்துள்ள இந்தியத் தயாரிப்புகளும் கிடைக்கின்றன. வாங்கும்போது 52 மில்லிகிராம் லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பார்ப்பதற்குக் காப்பர் டி போலவே ஆங்கில டி எழுத்து வடிவம். வேலையில் இரண்டும் நேர் எதிர். காப்பர் டி-யில் உள்ள செம்பு உள்சுவரை உறுத்துகிறது, அதனால் பலருக்குப் போக்கும் வலியும் கூடும், உங்களுக்கு நடந்தது அதுதான். இதில் செம்பு கிடையாது. தண்டில் உள்ள உறையிலிருந்து தினமும் 20 மைக்ரோகிராம் அளவில் ஹார்மோன் கசிந்து, கர்ப்பப்பை உள்சுவரின் மீதே படுகிறது. கடையில் விற்கும் அவசரக் கருத்தடை மாத்திரை ஒன்றில் இதே ஹார்மோன் 1.5 மில்லிகிராம் இருக்கிறது. வளையம் அந்த அளவை வெளியிட இரண்டரை மாதம் ஆகும். எனவே உடம்பு முழுக்கப் போவது மிகக் குறைவு. சிலருக்கு முதல் மாதங்களில் மார்பு வலி, தலைவலி, முகப்பரு வரலாம், பெரும்பாலும் அடங்கிவிடும். மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கு இதை வைக்க மாட்டோம்.

மாதவிலக்கு நின்றால் ரத்தம் உள்ளே தங்காதா என்று கேட்டது நல்ல கேள்வி. மாதவிலக்கில் வெளியேறுவது எங்கோ சேர்த்துவைத்த ரத்தம் அல்ல. அந்த மாதம் வளர்ந்த உள்சுவர் உரிந்து, உரிந்த இடத்தில் கசியும் ரத்தம் அது. ஹார்மோன் படப் பட உள்சுவர் மெல்லியதாகிவிடுகிறது, உரிவதற்கு ஒன்றும் இல்லை, ஆகவே தங்குவதற்கும் ஒன்றும் இல்லை. வைத்த ஒரு வருடத்தில் ஐந்தில் ஒருவருக்கு மாதவிலக்கு முற்றிலும் நின்றுபோகும். சினைப்பை வழக்கம்போல் வேலை செய்துகொண்டே இருக்கும், அது மெனோபாஸ் இல்லை. உங்கள் பயம் உண்மையாகக்கூடிய சிகிச்சை ஒன்று உண்டு. அது சுடும் சிகிச்சை. அதைக் கீழே சொல்கிறேன்.

வளையத்தைப் போக்கு கொட்டுகிற நாளில் வைத்தால் ரத்தமே அதைத் தள்ளிவிடும். முடியப்போகிற நாளிலோ முடிந்த கையோடோ வைக்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் முன்னால் சாப்பிட்டுவிட்டு வலி மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் கர்ப்பப்பை வாயைத் துடைத்து, ஒரு கருவியால் பிடித்துக்கொண்டு, அளவுக் கம்பியை உள்ளே விட்டு ஆழம் பார்ப்பார். பிடிக்கும்போதும் அளக்கும்போதும்தான் சுருக்கென்று வலிக்கும். அதே ஆழத்துக்குக் குழாயைக் குறித்து உள்ளே செலுத்தி, கைகள் விரிந்ததும் குழாயை உருவிவிட்டு, நூலை மூன்று சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிடுவார். பத்து நிமிட வேலை. உங்களுக்கு நார்மல் பிரசவம் ஆகாததால் கர்ப்பப்பை வாய் இறுக்கமாக இருக்கலாம், சிசேரியன் தழும்பில் பள்ளமும் இருக்கலாம். அதனால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே வைப்பது நல்லது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். எழுந்ததும் தலை சுற்றும், கால் மணி நேரம் படுத்திருந்துவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் மூன்று மாதம்தான் சோதனைக் காலம். தினமும் சொட்டுச் சொட்டாகக் கறைபடும், என்றைக்கு வரும் என்று தெரியாது. இதை முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் இரண்டாம் மாதமே வந்து எடுத்துவிடச் சொல்கிறார்கள். உள்சுவர் ஒரே நாளில் மெலிவதில்லை, அங்கங்கே திட்டுத்திட்டாகத்தான் மெலியும், கசிவுக்கு அதுதான் காரணம். இந்த மாதங்களில் அதிகம் போகிற நாட்களில் டிரானெக்சாமிக்கை மேலே சொன்ன அளவிலேயே போட்டுக்கொள்ளலாம். ஆறாம் மாதம் நோட்டில் மறுபடி கணக்குப் போடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு முக்கால் பங்குக்கு மேல் குறைந்திருக்கும், உங்கள் 381 எண்பதுக்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். உள்சுவர்த் திசு தசைக்குள் போய்விடும் அடினோமயோசிஸின் வலியும் இதில் குறையும், மாத்திரையாலும் சுடுவதாலும் அந்த வலியை இந்த அளவு பிடிக்க முடியாது. 2013-ல் வெளியான இங்கிலாந்தின் எக்ளிப்ஸ் ஆய்வில் 571 பெண்களைப் பிரித்து ஒரு பாதிக்கு வளையமும் மறு பாதிக்கு மாத்திரைகளும் கொடுத்தார்கள். இரண்டு வருடம் கழித்து வளையத்தைத் தொடர்ந்தவர்கள் 64 சதவீதம், மாத்திரையைத் தொடர்ந்தவர்கள் 38 சதவீதம். மூன்றில் ஒருவருக்கு வளையம் ஒத்துவரவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை.

உங்களிடம் நான் கவலைப்படுவது வளையம் நழுவி வெளியே வருவதைப் பற்றி. பொதுவாக இருபதில் ஒருவருக்கு அப்படி ஆகும், கர்ப்பப்பை பெருத்தவர்களுக்கு இன்னும் கூடுதல். போக்கு குறைந்துகொண்டே வந்து திடீரென்று ஒரு மாதம் பழையபடி கொட்டினாலோ, விரலில் நூல் தட்டுப்படாவிட்டாலோ, நூல் நீளமானது போலவோ கடினமான பிளாஸ்டிக் முனை போலவோ பட்டாலோ ஸ்கேன் எடுங்கள். ஒன்றும் இல்லாவிட்டாலும் ஆறாவது வாரம் ஒரு ஸ்கேனில் இடத்தைச் சரிபார்த்துவிடுங்கள். முதல் மூன்று வாரத்தில் காய்ச்சலும் நாற்றமுள்ள வெள்ளைப்போக்கும் சேர்ந்து வந்தால் அது தொற்று, அன்றே காட்ட வேண்டும். கருவியை நுழைக்கும்போது கர்ப்பப்பை சுவர் துளைபடுவது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்கு நேரலாம்.

சுடும் சிகிச்சையில் கர்ப்பப்பைக்குள் பலூனை விட்டுச் சூடான திரவத்தை நிரப்பியோ, வலை போன்ற கருவியால் ரேடியோ அலை மின்சாரம் செலுத்தியோ உள்சுவரை அடி வரை எரித்துவிடுகிறார்கள். கருவியைப் பொறுத்து ஒன்றரை நிமிடத்திலிருந்து பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அன்றே வீட்டுக்குப் போகலாம், ஹார்மோன் இல்லை. 46, 47 வயதில், வலி இல்லாமல் ரத்தம் மட்டும் அதிகம் போகிற, கர்ப்பப்பை சாதாரண அளவில் இருக்கிற பெண்ணுக்கு இதை நானே முதலில் சொல்வேன்.

உங்கள் விஷயம் வேறு. அடினோமயோசிஸ் என்றால் உள்சுவர்த் திசு தசைக்குள்ளேயே வேர்விட்டுப் போயிருக்கிறது என்று பொருள். மேலே எரித்தாலும் தசைக்குள் இருப்பது மிஞ்சும், வலியும் மிஞ்சும். அடுத்தது வயது. கலிஃபோர்னியாவில் இந்தச் சிகிச்சை எடுத்த பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2008-ல் வெளியிட்ட ஆய்வில், 45 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் பிறகு கர்ப்பப்பையை எடுக்கவேண்டி வந்தது மூத்தவர்களைப் போல் இரண்டு மடங்கு. மெனோபாஸ் வரை பல வருடம் இருப்பதால் மிச்சமுள்ள திசு மறுபடி வளர நேரம் இருக்கிறது.

மூன்றாவதுதான் நம் ஊரில் அதிகம் பேசப்படாதது. கர்ப்பப்பையின் மேல் இரு மூலைகளில் கருக்குழாய் சேரும் இடத்தில் பலூனோ வலையோ முழுக்கப் படியாது, கொஞ்சம் உள்சுவர் தப்பிவிடும். சுட்ட இடம் தழும்பாகி ஒட்டிக்கொள்ளும். மாதம்தோறும் அந்த மூலையில் கசியும் ரத்தத்துக்குக் கீழே வழி அடைபட்டிருக்கும். மற்றவர்களுக்கு அது கருக்குழாய் வழியாக வயிற்றுக்குள் போய்க் கரைந்துவிடும். குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷன் செய்தவருக்கு அந்த வழியும் கட்டப்பட்டிருக்கிறது. ரத்தம் மூலையில் தேங்கி, குழாய் வீங்கி, மாதம் ஒருமுறை ஒரு பக்கமாகவோ இரு பக்கமாகவோ கடுமையாக வலிக்கும். போக்கே இருக்காது, வலி மட்டும் நாள் கணக்காக வந்து போகும். எல்லோருக்கும் இது வருவதில்லை, ஆனால் வந்தால் கருக்குழாயையோ கர்ப்பப்பையையோ எடுப்பதில்தான் முடியும். தமிழ்நாட்டில் நாற்பது வயதில் பெரும்பாலான பெண்கள் இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். பலூன் என்று சொல்கிற டாக்டரிடம் "நான் குடும்பக்கட்டுப்பாடு செய்திருக்கிறேன், இரண்டு சிசேரியன் தழும்பு இருக்கிறது, தழும்பு இருக்கும் இடத்தில் சுவர் எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேளுங்கள். சுவர் மெலிந்திருந்தால் சூடு சிறுநீர்ப்பைவரை போகும். இன்னொன்றும் உண்டு, உள்ளே ஒட்டிக்கொண்டபின் ஐந்து வருடம் கழித்துச் சந்தேகமான ரத்தம் பட்டால் பயாப்ஸிக் குழாய் உள்ளே போகாமல் போகலாம்.

நாத்தனார் சொல்வது கடைசிப் படி. தேசிய குடும்பநல ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3 சதவீதத்துக்கு மேல் கர்ப்பப்பை எடுத்தவர்கள், அவர்களில் பாதிப் பேர் சொன்ன காரணம் அதிக உதிரப்போக்கும் வலியும்தான். அவர்களில் எத்தனை பேருக்கு ஒழுங்கான அளவில் மாத்திரையும் ஒரு வளையமும் கிடைத்தது என்பதுதான் கேள்வி. வளையம் ஆறு மாதத்தில் பலன் தராவிட்டால், அல்லது இரண்டு முறை நழுவிவிட்டால், அப்போது கர்ப்பப்பையை எடுப்பது உங்களுக்கு நியாயமான முடிவு, இடையில் சுடுவதைவிட. அப்படி எடுத்தாலும் சினைப்பை இரண்டும் நல்ல நிலையில் இருந்தால் அவற்றை விட்டுவிடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இரண்டு சிசேரியனால் சிறுநீர்ப்பை ஒட்டியிருக்கலாம், அதில் கைதேர்ந்தவரிடம் போங்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் 8.6-ல் இருக்கும் ஹீமோகுளோபினை ஏற்றுவதை இன்றே தொடங்க வேண்டும். 60 முதல் 100 மில்லிகிராம் இரும்புச்சத்துள்ள மாத்திரை ஒரு வேளை, வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறோடு. வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள், உறிஞ்சப்படுவதில் பெரிய நஷ்டமில்லை. முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ, பால், கால்சியம் மாத்திரை வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்படாதீர்கள். நாலு வாரத்தில் ஒரு கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் ஊசி வழியாக இரும்பு ஏற்றச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்ட பிறகும் மூன்று மாதம் தொடருங்கள், அப்போதுதான் ஃபெரிட்டின் நிரம்பும்.

பயாப்ஸிக்கும் வளையத்துக்கும் நாள் குறித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு மாதவிலக்கு வந்துவிடும். அந்த நாட்களில் மணிக்கு ஒரு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நனைந்துகொண்டே போனாலோ, எழுந்தால் கண் இருட்டினாலோ, படபடப்பும் மூச்சிரைப்பும் வந்தாலோ மாத்திரை போட்டுக்கொண்டு வீட்டில் காத்திருக்காதீர்கள். 8.6-ல் இருப்பவருக்கு இழக்க அதிக ரத்தம் மிச்சமில்லை, ரத்தம் ஏற்றும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு அன்றிரவே போங்கள்.